கிருபையா, கிரியையா? லூத்தர், திரெந்து வேறுபாட்டுக்குச் சரியான அட்டவணை வேண்டும் (தேர்வு)

தேர்வு_மாணவி

எல்லோருக்கும் வணக்கம். அடுத்த வாரம் இறையியல் தாள். பழைய வினாத்தாளில் இருந்த கேள்வி இது: "யாக்கோபு 2:24-ஐ முன்வைத்து, கிருபையும் கிரியையும் குறித்து லூத்தரும் திரெந்து பொதுச்சங்கமும் கற்பித்தவற்றை ஒப்பிடுக." மனிதன் விசுவாசத்தினால் மட்டுமல்ல, கிரியைகளினாலும் நீதிமானாக்கப்படுகிறான் என்பதுதான் அந்த வசனம். பதினைந்து மதிப்பெண். அட்டவணை போட்டால் நல்லது என்று சீனியர்கள் சொல்கிறார்கள்.

கைக்குக் கை வந்த குறிப்பு ஒன்று என்னிடம் இருக்கிறது. அதில் இரண்டே கட்டங்கள். இடப்பக்கம் "லூத்தர்: கிருபையால் இரட்சிப்பு". வலப்பக்கம் "கத்தோலிக்கர்: கிரியையால் இரட்சிப்பு". அவ்வளவுதான். ஆனால் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து சங்கம் 1547 ஜனவரி 13-ல் வெளியிட்ட தீர்மானத்தை எடுத்துப் பார்த்தால், அதன் முதல் விதியே இதற்கு எதிராகப் பேசுகிறது. கிறிஸ்துவின் வழியாக வரும் கிருபை இல்லாமல், சொந்தக் கிரியைகளால் மனிதன் நீதிமானாக முடியும் என்று சொல்கிறவன் சபிக்கப்பட்டவன் என்று இருக்கிறது. அப்படியென்றால் இரண்டு பக்கமும் ஒன்றையேதான் சொல்கிறதா? பிறகு எதற்காகச் சண்டை போட்டார்கள்?

ஒரே_வசனம்

சகோதரி, குழப்பிக்கொள்ள வேண்டாம். ரோமர் 3:28 போதும். "மனுஷன் நியாயப்பிரமாணத்தின் கிரியைகளில்லாமல் விசுவாசத்தினாலேயே நீதிமானாக்கப்படுகிறான்." எபேசியர் 2:8-ஐயும் சேர்த்து எழுதுங்கள். ரோமச் சபை கிரியையைச் சேர்த்தது, லூத்தர் அதை எடுத்துப்போட்டார். முதல் விதி வாயளவில் சொன்னது. அதே தீர்மானத்தின் 32-ஆம் விதியைப் பாருங்கள், நற்கிரியையால் நித்திய ஜீவனுக்குத் தகுதி உண்டாகிறது என்று இருக்கிறது. குறிப்பில் உள்ளது சரிதான்.

கோட்டாறு_வாசகன்

வாயளவில் என்று சொல்வது நியாயமில்லை, சகோதரரே. நான் கத்தோலிக்கன். சில ஆண்டுகள் குருமடத்தில் படித்துவிட்டு வெளியே வந்தவன். அந்தத் தீர்மானத்தின் எட்டாம் அதிகாரத்தை யாரும் வாசிப்பதே இல்லை. நாம் இலவசமாக நீதிமானாக்கப்படுகிறோம் என்று ஏன் சொல்கிறோம்? நீதிமானாவதற்கு முன்னால் வருகிற எதுவும், அது விசுவாசமானாலும் கிரியையானாலும், அந்த அருளைச் சம்பாதிப்பதில்லை. இதை அங்கே தெளிவாக எழுதியிருக்கிறார்கள். விசுவாசத்தையும்கூடச் சம்பாத்தியம் ஆக்கக் கூடாது என்பது சங்கத்தின் நிலை. சில புராட்டஸ்டன்ட் பிரசங்கங்களில் இந்த எச்சரிக்கையைக் கேட்க முடிவதில்லை.

நீங்கள் சொன்ன 32-ஆம் விதி ஏற்கெனவே நீதிமானாக்கப்பட்டவனைப் பற்றியது. உள்ளே வந்தவன் நடப்பதைப் பேசுகிறது, வாசலைப் பற்றி அல்ல.

தாவீது_சபைவரலாறு

மகளே, உங்கள் சந்தேகம் சரியானது. அந்த இரண்டு கட்டக் குறிப்பைத் தூக்கிப் போடுங்கள். நான் பல வருடம் சபை வரலாறு கற்பித்தவன், லூத்தரன் சபை. அப்படி எழுதிய விடைத்தாள்களைத் திருத்தும்போது எனக்கு வருத்தமாகவே இருக்கும். அந்தப் பிள்ளைகளுக்கு வசனம் தெரியும். எதிரியின் நிலையைத்தான் தவறான ஆளிடம் ஒப்படைத்துவிடுவார்கள்.

"கிரியையால் இரட்சிப்பு" என்ற கட்டத்துக்கு உரியவர் ஐந்தாம் நூற்றாண்டின் பெலாஜியுஸ். திருச்சபைத் தந்தை அகுஸ்தீன் "அறிக்கைகள்" என்ற தம் நூலில், நீர் கட்டளையிடுவதைத் தாரும், பிறகு விரும்பியதைக் கட்டளையிடும் என்று ஜெபிக்கிறார். ரோமில் அந்த வரியைக் கேட்ட பெலாஜியுஸுக்குத் தாங்கவில்லை. செய்யும் சக்தியைக்கூடக் கடவுளிடமே கேட்டால் மனிதனுக்கு என்ன பொறுப்பு இருக்கிறது என்பது அவர் கவலை. அவரைப் பொறுத்தவரை கடவுள் கொடுத்த சுயாதீன சித்தம், நியாயப்பிரமாணம், கிறிஸ்துவின் முன்மாதிரி, பாவமன்னிப்பு இவைதாம் கிருபை. மனதை உள்ளேயிருந்து அசைக்கும் வல்லமைக்கு அங்கே இடமில்லை. 418-ல் கார்த்தேஜ் சங்கம் இதைத் தள்ளிவிட்டது. லூத்தரும் திரெந்தும் இரண்டு பேரும் அந்தத் தள்ளுபடியை ஏற்றுக்கொண்டு நிற்கிறவர்கள்.

ஆகவே உங்களுக்கு வேண்டியது மூன்று கட்டம். பெலாஜியுஸை ஓரத்தில் வைத்துவிட்டால் மற்ற இருவருக்கும் நடுவே உண்மையில் எங்கே கோடு விழுகிறது என்று தெரியும்.

கிருபை வேண்டுமா வேண்டாமா என்ற இடத்தில் அது விழவில்லை. கிருபை மனிதனுக்குள் என்ன செய்கிறது, அதில் எதை முன்னிட்டுக் கடவுள் ஒருவனை நீதிமான் என்கிறார் என்ற இடத்தில் விழுகிறது. லூத்தருக்கு, கிறிஸ்துவின் நீதி எனக்கு வெளியே இருக்கிறது. கடவுள் அதை என் கணக்கில் எண்ணுகிறார், விசுவாசம் அதைப் பற்றிக்கொள்கிறது. திரெந்துக்கு, கடவுள் தம் நீதியை எனக்குள் ஊற்றி என்னை உண்மையாகவே நீதியுள்ளவனாக ஆக்குகிறார். ஏழாம் அதிகாரம் சொல்வது இதைத்தான்: மன்னிப்பு மட்டும் அல்ல, உள்ளான மனிதன் புதிதாவதும் சேர்ந்ததே நீதிமானாகுதல்.

கோட்டின் இரண்டு பக்கமும் கிருபைதான். இது புரிந்தால் பாதி மதிப்பெண் வந்துவிட்டது.

திருவரங்கத்தான்

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும், நான் வைணவன். இது எங்கள் வீட்டுச் சண்டை மாதிரியே இருக்கிறது. குரங்குக்குட்டி தாயைப் பற்றிக்கொள்ளும், பூனைக்குட்டியைத் தாயே கவ்விச் செல்லும். வடகலைக்கு முதலாவது, தென்கலைக்கு இரண்டாவது என்பார்கள். லூத்தர் தென்கலை, திரெந்து வடகலை என்று எழுதிவிடலாமே?

தாவீது_சபைவரலாறு

ஐயா, வாருங்கள். ஒரு பாதி பொருந்துகிறது. கடவுள் அழைக்கும்போது மனித சித்தம் என்ன செய்கிறது என்ற கேள்விக்கு அது நல்ல வழி. அழைப்பு முழுக்க முழுக்கக் கிருபையால், நம் தகுதி எதுவும் இல்லாமல் வருகிறது, ஆனால் மனிதன் அதற்குச் சம்மதிக்கவும் முடியும், மறுக்கவும் முடியும் என்பது திரெந்து. லூத்தர் 1525-ல் அறிஞர் எராஸ்முஸுக்கு எழுதிய பதிலில் சித்தம் அடிமைப்பட்டது என்கிறார். அங்கே பூனைக்குட்டிதான்.

ஆனால் நான் சொன்ன முக்கியமான கோட்டை இது தொடவில்லை. குட்டி போய்ச் சேர்ந்தபின் அதன் இயல்பு மாறிவிட்டதா, அல்லது தாயின் பெயரால் ஏற்றுக்கொள்ளப்பட்டதா என்று இந்த உவமை கேட்பதில்லை. தவிர, குரங்குக்குட்டிக்குப் பற்றும் பலம் பிறப்பிலேயே இருக்கிறது. திரெந்தில் பற்றும் பலமும் கொடுக்கப்பட்டதே. தேர்வில் எழுத வேண்டாம், மகளே.

ஒரே_வசனம்

ஐயா, மரியாதையோடு கேட்கிறேன். உள்ளே ஊற்றப்பட்டது என்றாலும் கடைசியில் "என்னிடம் இருக்கிற நீதி" என்றுதானே வருகிறது? பவுல் பிலிப்பியர் 3:9-ல் "சுயநீதியை உடையவனாயிராமல்" என்கிறாரே.

தாவீது_சபைவரலாறு

தம்பி, இது நல்ல கேள்வி. லூத்தரன் பக்கத்தின் மையமான கவலையே இதுதான், முதல் பதிவிலேயே இப்படிக் கேட்டிருக்கலாம். கொடுக்கப்பட்டதாகவே இருந்தாலும், என் உள்ளே இருக்கும் மாற்றத்தின் அளவைப் பார்த்து நான் நிம்மதி தேட ஆரம்பித்தால், மரணப்படுக்கையில் அது போதுமா என்ற கேள்வி வரும். லூத்தரின் மடத்து வாழ்க்கையை வாட்டியது அந்தப் "போதுமா"தான். அதனால்தான் அவர் ஆதாரத்தை முழுவதும் வெளியே, கிறிஸ்துவிடம் வைத்தார். நீதிமானாக்கப்பட்டவன் ஒரே நேரத்தில் நீதிமானும் பாவியும் என்றார்.

ஆனால் லூத்தர் கிரியையை "எடுத்துப்போட்டார்" என்று நீங்கள் முன்னால் சொன்னதை மட்டும் ஏற்க முடியாது. 1520-ல் கிறிஸ்தவனின் சுதந்திரம் பற்றி எழுதிய சிறு நூலில், நற்கிரியைகள் நல்ல மனிதனை உண்டாக்குவதில்லை, நல்ல மனிதனே நற்கிரியைகளைச் செய்கிறான் என்கிறார். கிரியை போகவில்லை, அது போய்ச் சேரும் இடம் மாறியது. கடவுளுக்கு என் கிரியை தேவையில்லை, அயலானுக்குத் தேவை.

கோட்டாறு_வாசகன்

ஐயா சொன்னதில் ஒன்றை எதிர்க்கிறேன். கடவுள் நீதியில்லாதவனை நீதிமான் என்று அறிவித்தால் அந்த அறிவிப்பு உண்மையா? கடவுள் "வெளிச்சம் உண்டாகக்கடவது" என்றதும் வெளிச்சம் உண்டானது. அவர் வார்த்தை எதையும் மாற்றாமல் நின்றுவிடுமா? சங்கத்தின் 11-ஆம் விதி, வெறும் எண்ணப்படுதல் மட்டும் என்பதை மறுப்பதற்குக் காரணம் இதுதான். ரோமர் 5:5 தேவ அன்பு நம் இருதயங்களில் ஊற்றப்பட்டிருக்கிறது என்கிறது. அந்த வார்த்தைகளை அந்த விதியே எடுத்தாள்கிறது.

தாவீது_சபைவரலாறு

வலுவான வாதம், தம்பி. நான் இதை முழுமையாக மறுக்கப் போவதில்லை. லூத்தரின் பதில் அதே 1520 நூலில் இருக்கிறது. விசுவாசம் ஆத்துமாவைக் கிறிஸ்துவோடு மணமகள் மணமகனோடு சேர்வதுபோல் சேர்க்கிறது, அவருடையது அவளுடையது ஆகிறது. ஆகவே அது வெற்றுக் காகிதக் கணக்கு அல்ல. இன்னொரு சீர்திருத்தவாதியான கால்வின் இன்னும் நேராகச் சொல்வார்: கிறிஸ்து தாம் பரிசுத்தமாக்காத எவரையும் நீதிமானாக்குவதில்லை. இரண்டும் பிரியாது. ஆனால் இரண்டும் ஒன்று அல்ல என்பதே சீர்திருத்தவாதிகளின் பிடிவாதம். திரெந்து அவற்றை ஒன்றாகவே பார்க்கிறது.

லில்லிமலர்

நான் தேர்வு எழுதுகிறவள் அல்ல, மன்னிக்கவும். அம்மா மூன்று வருடமாகப் படுக்கையில் இருக்கிறார்கள். ஒரு காலத்தில் கோவில் கூட்டிப் பெருக்கி, பாடகர் குழுவில் பாடி, அன்பியக் கூட்டம் ஒன்றைக்கூட விடாதவர்கள். இப்போது ஜெபமாலை சொல்லக்கூட விரல் ஒத்துழைப்பதில்லை. "எல்லாம் நின்றுபோச்சே, ஆண்டவர் முன்னால் எதைக் கொண்டு போவேன்" என்று நேற்று அழுதார்கள். நீங்கள் கிரியை என்று எழுதுவதையெல்லாம் வாசிக்கும்போது எனக்குப் பயமாக இருக்கிறது. கத்தோலிக்கப் போதனைப்படி அம்மாவுக்கு என்ன பதில்?

கோட்டாறு_வாசகன்

அக்கா, பயப்பட வேண்டாம். நான் ஒரு கத்தோலிக்கக் கர்தினால் சொன்னதைச் சொல்கிறேன். ராபர்ட் பெல்லார்மின், இயேசு சபைத் துறவி, லூத்தரன்களுக்கு எதிராக நூல்நூலாக எழுதியவர். நற்செயல்களின் பேறுபலனை, அதாவது அவற்றால் கடவுள் முன் உண்டாகும் தகுதியை, ஒவ்வொரு பக்கமாக வாதாடி நிறுவியவர். அவரே நீதிமானாகுதல் பற்றிய ஆய்வில், நம் சொந்த நீதி எவ்வளவு என்று உறுதியாகத் தெரியாததாலும், வீண்பெருமைக்கு ஆபத்து இருப்பதாலும், கடவுளுடைய இரக்கத்தின் மேலும் நன்மையின் மேலும் மட்டும் முழு நம்பிக்கையை வைப்பதே மிகப் பாதுகாப்பானது என்று எழுதினார்.

திரெந்தின் 16-ஆம் அதிகாரமும் கடவுள் தம்முடைய கொடைகளையே நம் பேறுபலன்களாகக் கருதுகிறார் என்கிறது. அகுஸ்தீனிடமிருந்து வந்த கருத்து அது. அம்மா கூட்டிப் பெருக்கியதும் பாடியதும் அவர் கொடுத்தவையே. விரல் நின்றதால் அவர் எதையும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. பங்குக் குருவிடம் சொல்லி வீட்டுக்கே நற்கருணை கொண்டுவரச் சொல்லுங்கள், நோயில்பூசுதலும் கேளுங்கள்.

தாவீது_சபைவரலாறு

அம்மா, லூத்தரனாகிய நானும் இதற்கு மேல் ஒன்றும் சேர்க்க மாட்டேன். உங்கள் தாயாருக்காக ஜெபிக்கிறேன்.

லில்லிமலர்

நன்றி தம்பி, நன்றி ஐயா. அந்த வரியை அம்மாவுக்கு வாசித்துக் காட்டுகிறேன்.

தேர்வு_மாணவி

அக்கா, உங்கள் அம்மாவை நானும் நினைத்துக்கொள்கிறேன்.

ஐயா, இன்னும் யாக்கோபு 2:24 பாக்கி இருக்கிறது. பவுலும் யாக்கோபும் இருவரும் ஆபிரகாமையே எடுத்துக்காட்டி எதிரெதிராக முடிக்கிறார்களே. அதை லூத்தரும் திரெந்தும் எப்படிக் கையாளுகிறார்கள்?

தாவீது_சபைவரலாறு

ஆபிரகாமின் வயதை வைத்துப் பாருங்கள், எளிதாகிவிடும்.

ஆதியாகமம் 15:6-ல் ஆபிராம் "கர்த்தரை விசுவாசித்தான், அதை அவர் அவனுக்கு நீதியாக எண்ணினார்". அது இஸ்மவேல் பிறப்பதற்கு முன். இஸ்மவேல் பிறந்தபோது ஆபிராமுக்கு 86 வயது. விருத்தசேதனம் 17-ஆம் அதிகாரத்தில், 99 வயதில். அதாவது நீதியாக எண்ணப்பட்டது விருத்தசேதனத்துக்குக் குறைந்தது பதின்மூன்று வருடம் முன்பு. பவுல் ரோமர் 4:10-ல் பிடிப்பது இந்த இடைவெளியை. எண்ணப்பட்டபோது அவன் விருத்தசேதனம் இல்லாதவன், எனவே அந்தக் கிரியை அதற்குக் காரணம் ஆக முடியாது.

யாக்கோபு நிற்பது 22-ஆம் அதிகாரத்தில், ஈசாக்கைப் பலிபீடத்தில் வைத்த இடத்தில். அப்போது ஆபிரகாம் ஏற்கெனவே நீண்டகால விசுவாசி. அந்தக் கிரியையால் 15:6 நிறைவேறிற்று என்று 2:23-ல் எழுதுகிறார். அவர் எதிர்ப்பதும் பவுலின் விசுவாசத்தை அல்ல. "பிசாசுகளும் விசுவாசித்து, நடுங்குகின்றன" என்ற 2:19-ல் வருகிற வெறும் ஒப்புதலை எதிர்க்கிறார்.

இனி இருவரும் எப்படிப் பயன்படுத்துகிறார்கள்? திரெந்து பத்தாம் அதிகாரத்தில் யாக்கோபு 2:24-ஐ எடுத்து, பெற்ற நீதி கிரியையோடு சேர்ந்து வளருகிறது என்பதற்கு ஆதாரமாக வைக்கிறது. 15-ஆம் அதிகாரம் தொடக்கம், 22-ஆம் அதிகாரம் வளர்ச்சி. கவனியுங்கள், தொடக்கத்துக்கு யாக்கோபைக் கூப்பிடவில்லை. தேர்வில் இந்த ஒரு நுணுக்கத்தை எழுதுகிறவர்கள் மிகக் குறைவு.

லூத்தருக்கு யாக்கோபோடு ஒத்துப்போகவில்லை. 1522 முன்னுரையில் மற்ற நிருபங்களோடு வைத்துப் பார்த்தால் இது வைக்கோல் நிருபம் என்றார். ஆகவே "லூத்தரன் பதில்" வேண்டுமானால் லூத்தரின் உடனுழைப்பாளர் மெலாங்க்தனிடம் போக வேண்டும். விசுவாசத்தால் ஏற்கெனவே நீதிமானானவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்பதையே யாக்கோபு விவரிக்கிறார், நீதிமானாகும் வழியை அல்ல என்று 1531-ல் வாதாடினார். கால்வினுக்கு யாக்கோபின் "நீதிமானாக்கப்படுதல்" மனிதர் முன் நீதிமானாக வெளிப்படுதல். 15-ஆம் அதிகாரம் தீர்ப்பு, 22-ஆம் அதிகாரம் அதன் கனி.

இதோ அட்டவணை. மனப்பாடம் செய்யாமல், ஒவ்வொரு வரிசையையும் ஒரு கேள்வியாகப் பாருங்கள்.

| கேள்வி | பெலாஜியுஸ் | திரெந்து (1546–47) | லூத்தர் மரபு |
|---|---|---|---|
| முதல் அடி யாருடையது? | மனிதனின் சுயாதீன சித்தம் | கடவுளின் கிருபை, அதன் உதவியால் மனிதன் சம்மதிக்கிறான் | கடவுள் மட்டுமே, சித்தம் அடிமைப்பட்டது |
| கிருபை என்ன செய்கிறது? | வழிகாட்டுகிறது, முன்மாதிரி தருகிறது, மன்னிக்கிறது | மன்னித்து, உள்ளே ஊற்றப்பட்டு மனிதனை மாற்றுகிறது | கடவுளின் தயவு, பாவியை ஏற்றுக்கொள்கிறது |
| எந்த நீதியால் நீதிமான்? | தான் செய்த நீதி | கடவுள் உள்ளே தந்த நீதி | வெளியே கிறிஸ்துவிடம் இருந்து எண்ணப்படும் நீதி |
| நற்கிரியையின் இடம் | இரட்சிப்பின் காரணம் | நீதியின் கனி, அதை வளர்க்கவும் செய்கிறது, பேறுபலன் உண்டு | கனி மட்டும், அயலானுக்காக |
| நீதிமானுக்குள் பாவம்? | விலக்கிக்கொள்ள முடியும் | பாவ நாட்டம் மிஞ்சும், அது பாவமே அல்ல | பாவம் உண்டு, ஒரே நேரத்தில் நீதிமானும் பாவியும் |
| யாக்கோபு 2:24 | (எழுத வேண்டாம்) | நீதி வளர்வதைப் பற்றியது | உயிருள்ள விசுவாசம் எப்படி இருக்கும் என்பது |

எழுதி முடித்ததும் ஒரு சோதனை செய்யுங்கள். திரெந்துக் கட்டத்தில் எழுதிய எந்த வாக்கியமாவது அதன் முதல் விதியால் சபிக்கப்படுமா? சபிக்கப்படும் என்றால் அதைப் பெலாஜியுஸ் கட்டத்துக்குத் தள்ளுங்கள். லூத்தர் கட்டத்தில் "கிரியை தேவையில்லை" என்று மொட்டையாக நின்றால் "நீதிமானாவதற்கு" என்று முன்னால் சேருங்கள்.

ஒரே_வசனம்

நாட்டம் பாவமா இல்லையா என்ற வரிசை சின்ன விஷயம் போலத் தெரிகிறது. அதை விட்டுவிடலாமா?

கோட்டாறு_வாசகன்

விடவே கூடாது. 1999 அக்டோபர் 31-ல் ஆக்ஸ்பர்க் நகரில் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் நீதிமானாகுதல் பற்றிய கூட்டறிக்கையில் கையெழுத்திட்டபோது கடைசி வரை இடித்த இடம் அதுதான். முந்தின வருடம் வத்திக்கான் அனுப்பிய பதிலில் "நீதிமானும் பாவியும்" என்பதையே பெரிய தடையாகக் குறித்தார்கள். பிறகு ஓர் இணைப்பு எழுதித்தான் நகர்ந்தது. அறிக்கையின் 15-ஆம் பத்தி, கிருபையினால் மட்டுமே, நம் தகுதி எதனாலும் அல்ல, கடவுளால் ஏற்றுக்கொள்ளப்படுகிறோம் என்று இரு தரப்பும் சேர்ந்து சொல்கிறது. மெதடிஸ்டுகள் 2006-ல் சேர்ந்தார்கள், சீர்திருத்தச் சபைகளின் உலக ஐக்கியம் 2017-ல்.

தேர்வு_மாணவி

அப்படியானால் முடிவுரையில் "பிரச்சினை 1999-ல் தீர்ந்தது" என்று எழுதலாமா?

தாவீது_சபைவரலாறு

எழுதாதீர்கள். அந்த அறிக்கை சொல்வது மிகக் கவனமான ஒன்று: இந்த அறிக்கையில் எடுத்துச்சொல்லப்பட்ட போதனைகளுக்குப் பதினாறாம் நூற்றாண்டின் சாபங்கள் பொருந்தாது. சாபங்கள் தவறு என்று அது சொல்லவில்லை. அமெரிக்காவின் மிசூரி சினட் லூத்தரன்கள் ஏற்கவே இல்லை. "அடிப்படை உண்மைகளில் ஒப்புமை, விளக்கத்தில் வேறுபாடு நீடிக்கிறது" என்று எழுதுங்கள்.

கோட்டாறு_வாசகன்

ஐயா, எனக்கு இன்னும் ஒன்று இருக்கிறது. ஒன்பதாம் விதி "விசுவாசம் மட்டும்" என்பதை மறுக்கும்போது, வேறு எதுவும் ஒத்துழைக்கத் தேவையில்லை என்ற பொருளில் சொன்னால் என்று நிபந்தனை வைக்கிறது. லூத்தர் கலாத்தியர் 5:6-ன் "அன்பினால் கிரியைசெய்கிற விசுவாசம்" என்பதை மறுக்கவில்லையே. அந்த விதி உண்மையில் லூத்தரைத் தாக்குகிறதா என்பதே எனக்குச் சந்தேகம்.

தாவீது_சபைவரலாறு

தாக்குகிறது என்றுதான் நான் நினைக்கிறேன். அந்த அன்பு விசுவாசத்துக்கு உருவம் கொடுத்து நீதிமானாக்குகிறது என்பதை லூத்தர் கலாத்தியர் விரிவுரையில் கடுமையாக எதிர்க்கிறார். அன்பு விசுவாசத்திலிருந்து புறப்படுகிறது, அதற்கு உயிர் கொடுப்பதில்லை என்பது அவர் நிலை. நிபந்தனையோடு வாசித்தாலும் அந்த இடத்தில் அவர் அகப்படுவார்.

கோட்டாறு_வாசகன்

அன்பு புறப்படாத விசுவாசம் விசுவாசமே இல்லை என்று அவரும் ஒப்புக்கொண்டால், நடைமுறையில் எங்கே பிரிகிறது? நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை, ஐயா. அந்த விரிவுரையை மறுபடி எடுத்து வாசித்துவிட்டு வருகிறேன்.

தேர்வு_மாணவி

நீங்கள் இருவரும் தொடருங்கள், நான் வாசித்துக்கொண்டிருப்பேன். விடையில் ஒன்பதாம் விதியை "லூத்தரைத் தாக்குகிறதா என்பதில் இரு கருத்து உண்டு" என்று ஒரே வரியில் குறிப்பிட்டுவிட்டு ஆபிரகாமுக்கு ஒரு பக்கம் ஒதுக்கப் போகிறேன்.